புதுப்பிப்பு: 4 நேண்ட் கேட்டில் கட்டிய எக்ஸார், ஆர் போல நடக்கிறது

"ஏ, பி இரண்டும் 1 ஆனாலும் எல்ஈடி எரியுது. மத்த மூணு வரிசையும் சரி. சிப் போச்சா?"

சிப் நன்றாகவே இருக்கிறது. நான்கு நேண்ட் கேட் உள்ள இந்த 74LS00-இல் முதல் கேட்டின் வெளியீடான 3ஆம் பின்னிலிருந்து 5, 9 இரண்டுக்கும் ஒயர் போக வேண்டும். 5க்குப் போனது பிரெட்போர்டில் சரியாக உட்காரவில்லை. இந்த வகை சிப்பில் அந்தரத்தில் நிற்கும் இன்புட் 1 ஆகவே படிக்கப்படும். அதனால் இரண்டாம் கேட் வெறும் நாட் ஆகி, 1,1 வரிசை மட்டும் கெட்டது. மல்டிமீட்டரில் 5ஆம் பின் சுமார் 1.5 வோல்ட் காட்டியதே தடயம்.

"மிதக்கும் இன்புட்" என்று சொன்ன நண்பர் சரியாகப் பிடித்தார். ஆனால் அதை கிரவுண்டில் கட்டச் சொன்னது உதவாது: 1,0 வரிசையில் விளக்கு அணைந்துவிடும்.

"7486 வாங்கினா முடிஞ்சதே" என்றவருக்கு: அதில் எக்ஸார் கேட்டே இருப்பதால் முடியும்தான். ஆனால் இதே சிப்பின் கேட்டுகளை வேறு விதமாக இணைத்து 1 கேட்டில் நாட், 2இல் ஆண்ட், 3இல் ஆர் கட்டலாம், நேண்டை மட்டும் வைத்துக் கட்டுவதுதான் கேள்வியே.

நேண்டை நாட் ஆக்க இரு இன்புட்டையும் சேர்ப்பதா, ஒன்றை 5 வோல்ட்டில் கட்டுவதா என்பதில் நாம் இன்னும் ஒத்துப்போகவில்லை.