லீவு நாளிலும் 412 பில்

எம்.ஐ.எஸ். மேசை

மருந்து ஸ்டாக்கிஸ்ட் ஒருவரிடம் சில வருடம் எம்.ஐ.எஸ். வேலை பார்த்தேன். ஊரும் பெயரும் வேண்டாம். மேனேஜர் அறைச் சுவரில் ஒரு பெரிய டிவி இருக்கும். அதன் நடுவில் ஒரு வட்டம், உள்ளே ஃபில் ரேட். மெடிக்கல் ஷாப்காரர்கள் கேட்ட வரிகளில் எத்தனை வரி குறையாமல் போனது என்பதுதான் கணக்கு, நூறு வரி கேட்டு 97 முழுசாகப் போயிருந்தால் 97. அது 95க்கு மேல் இருந்தால் வட்டம் பச்சை. மேனேஜர் காலையில் வந்ததும் சாமி படத்தைப் பார்ப்பார், அப்புறம் அந்த வட்டத்தைப் பார்ப்பார், அப்புறம்தான் காபி.

அந்த மார்கழியில் வட்டம் 96.8இல் நின்றது. தினமும் 96.8. அவருக்கு ஒரே சந்தோஷம், "டீம் செட் ஆயிடுச்சு" என்று முதலாளியிடமே சொன்னார்.

ஜனவரி முதல் வாரத்திலிருந்து லைனுக்குப் போகும் பையன்கள் முணுமுணுக்கத் தொடங்கினார்கள். இருமல் சிரப் இல்லை, பாராசிட்டமால் 650 பாதிதான் போகிறது, கடைக்காரர் வேறு ஸ்டாக்கிஸ்டிடம் வாங்கிக்கொள்கிறேன் என்கிறார். மேனேஜர் டிவியைக் காட்டினார். "நூத்துக்கு 97 போகுதுப்பா, உனக்கு மட்டும் எப்படி ஷார்ட் ஆகுது?" ஒரு பையன் நான்கு நாள் ஷார்ட் ஐட்டங்களைத் துண்டுச்சீட்டில் எழுதிக்கொண்டு வந்தான். டார்கெட் எட்டாததற்குச் சாக்கு தேடுகிறான் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

பொங்கலுக்கு 15, 16, 17 மூன்று நாளும் குடோன் பூட்டு. 18ஆம் தேதி காலை சாவி வாங்க மேனேஜர் அறைக்கு வந்த குடோன் அண்ணன் டிவியின் ஓரத்தைப் பார்த்துவிட்டு, "நேற்றைய பில் 412னு போட்டிருக்கே சார், நேத்து யார் வந்து பில் போட்டா?" என்று கேட்டார்.

அறையில் யாரும் பேசவில்லை. என் வயிற்றில் என்னவோ செய்தது.

நான் போய்ப் பார்த்தேன். டிசம்பர் 23 அதிகாலைக்குப் பிறகு, டிவிக்கு எண் தரும் டேபிளில் ஒரு வரிகூட ஏறவில்லை, 26 நாளாக. அன்று பகலில் பில்லிங் டேட்டாபேஸின் பாஸ்வேர்டை மாற்றியிருக்கிறார்கள். ஆடிட்டில் சொன்னதால் செய்தது, தப்பு இல்லை. இரவு 2:15க்கு ஓடும் என் ஸ்கிரிப்ட்டில் பழைய பாஸ்வேர்டே இருந்தது. ஆனால் விண்டோஸ் டாஸ்க் ஷெட்யூலரைத் திறந்தால் ஒவ்வொரு இரவும் இதுதான்:

```
The operation completed successfully. (0x0)
```

காரணம் இது:

```python
try:
    conn = connect()
    save(fetch_bills(conn))
except Exception:
    pass
```

அந்த `pass` எழுதியது நான்தான். அதற்கு முந்தைய வருடம் ஒரு பேட்ச்சில் காலாவதித் தேதி 00/00/0000 என்று விழுந்து, அந்த ஒரு வரியால் இரவு ஓட்டமே நின்றது. காலையில் டிவி காலியாக இருக்க நான் வாங்கிக் கட்டிக்கொண்டேன். இனி எந்த வரிக்காகவும் நிற்கக்கூடாது என்று அதைப் போட்டேன்.

ஒரு வாரத்தில் பிடிபட்டிருக்க வேண்டியது 26 நாள் இழுத்ததற்கு இன்னும் இரண்டு விஷயம் உண்டு. ஒன்று, திரை முழுசாக உறையவில்லை. வசூல் கட்டம் வேறொரு ஷீட்டிலிருந்து வந்தது, அது தினமும் மாறிக்கொண்டிருந்தது. மேலே "கடைசியாகப் புதுப்பித்தது" என்று அந்த நிமிடத்தின் நேரமே ஓடும், ஏனென்றால் அது பக்கம் திறந்த நேரம், டேட்டாவின் நேரம் இல்லை. இரண்டாவது, ஃபில் ரேட்டின் ஏழு நாள் கணக்கு:

```sql
WHERE bill_date >
  (SELECT MAX(bill_date) FROM daily_fill) - INTERVAL '7 days'
```

ஏழு நாள் இன்றிலிருந்து பின்னோக்கி இல்லை, டேபிளில் உள்ள கடைசித் தேதியிலிருந்து. நீண்ட லீவு முடிந்து வரும்போது வட்டம் வெறிச்சோடிக் கிடக்கிறது என்று மேனேஜர் சொன்னதால் யாரோ மாற்றியது. `CURRENT_DATE` இருந்திருந்தால் டிசம்பர் கடைசியிலேயே வட்டம் காலியாகியிருக்கும், அன்றே கத்தியிருப்பார்கள். ஓரத்தில் இருந்த 412ம் இதே கடைசித் தேதியிலிருந்துதான் வந்தது.

அப்புறம் தெரிந்ததுதான் பெரிய கொடுமை. பர்ச்சேஸ் பார்க்கும் அண்ணனின் குறை சரக்கு லிஸ்ட்டும் அதே ஓட்டத்தில்தான் தயாராகும். ஆகவே குளிர் தொடங்கி இருமல் சிரப் வேகமாகப் போனது அவர் லிஸ்ட்டுக்கு வரவே இல்லை. எந்த உறைதல் ஷார்ட்டை உண்டாக்கியதோ, அதே உறைதல்தான் டிவியிலும் அதை மறைத்தது. டேட்டாவை ஏற்றிய பின் பார்த்தால் முதல் வாரம் 95, அடுத்து 91, பொங்கலுக்கு முந்தைய வாரம் 82.

உங்களுக்கு இப்படி நடந்திருந்தால் எழுதுங்கள்.

டூவீலர் பயணி

எனக்கும் நடந்தது! என் பழைய வண்டி டேஷ்போர்டில் பெட்ரோல் முள் எப்போதும் பாதியிலேயே நிற்கும். ஒரு நாள் ராத்திரி பதினொரு மணிக்கு பைபாஸில் நின்றுவிட்டது, மூன்று கிலோமீட்டர் தள்ளினேன். மிதவை ஒட்டிக்கொண்டதாம்.

எம்.ஐ.எஸ். மேசை

நான் சொன்னது ஆபீஸ் டேஷ்போர்டு. ஆனால் பரவாயில்லை, நோய் ஒன்றுதான்.

ரிப்போர்ட் பையன்

பவர் பிஐ போட்டிருந்தால் இந்தத் தலைவலியே இல்லை. ரெஃப்ரெஷ் தோற்றால் மெயில் வந்துவிடும். நாலு தடவை தொடர்ந்து தோற்றால் ஷெட்யூலையே நிறுத்திவிடும். சொந்த ஸ்கிரிப்ட் எழுதினால் இப்படித்தான்.

பைப்லைன் பிளம்பர்

ரிப்போர்ட் பையன், பாதி சரி. மெயில் வரும், உண்மை. ஆனால் இவர் கதையில் பவர் பிஐ எங்கே உட்கார்ந்திருக்கும்? அந்த டேபிளுக்கு மேலே. டேபிள் திறந்தது, படித்தது, ரெஃப்ரெஷ் வெற்றி. படித்தது டிசம்பர் டேட்டா என்று அதற்கு எப்படித் தெரியும்? பழைய சோற்றைப் புதுத் தட்டில் போட்டுத் தரும், அவ்வளவுதான். இன்னொன்று, அந்த மெயில் யாருக்குப் போகும்? ரிப்போர்ட்டை உருவாக்கியவருக்கு. அவர் வேலையை விட்டுப் போய் எட்டு மாதம் ஆனதை நானே பார்த்திருக்கிறேன்.

நான் இருக்கும் இடத்தில் செய்வது இது. ஸ்கிரிப்ட் கடைசி வரியில், எல்லாம் ஏறி முடிந்த பிறகு மட்டும், வேறொரு மெஷினுக்கு "முடித்துவிட்டேன், இத்தனை வரி" என்று ஒரு சேதி அனுப்பும். அந்த மெஷின் சேதி வந்தால் பேசாது. 30 மணி நேரம் வராவிட்டால் போன் அடிக்கும். தோல்வியைச் சொல்லச் சொன்னால், தோற்றுக் கிடப்பவன் எப்படிச் சொல்வான்? வரி எண்ணிக்கையும் வேண்டும், ஏனென்றால் கனெக்‌ஷன் கிடைத்து பூஜ்யம் வரி வருவதும் உண்டு, அதுவும் "வெற்றி"தான். 24 இல்லாமல் 30 வைத்ததற்குக் காரணம், மாதக் கடைசியில் ஓட்டம் மூன்று நாலு மணி நேரம் தள்ளிப்போகும். 24 வைத்தால் மாதம் தவறாமல் வீண் அலாரம், மூன்றாம் மாதம் யாரும் போனை எடுக்க மாட்டார்கள்.

ரிப்போர்ட் பையன்

டேபிள் பழசாக இருக்கும் என்பதை யோசிக்கவில்லை. ஆனால் ஞாயிறு, பண்டிகை எல்லாம்? 30 மணியில் ஒவ்வொரு திங்களும் அடிக்குமே.

பைப்லைன் பிளம்பர்

கடை லீவானாலும் ஓட்டம் ஓடும், பூஜ்யம் வரி என்று சேதி வரும். லீவு நாள் காலண்டர் ஒன்று வைத்து அன்று பூஜ்யத்தை மன்னிக்கச் சொல்லியிருக்கிறோம். உள்ளூர் திருவிழா லீவில் இன்னும் தப்பாக அடிக்கிறது, அதற்கு வழி கிடைக்கவில்லை.

ஐஸ் ரூம்

நான் குளிர்பதனக் கிடங்கில் இருந்தவன். மைனஸ் 18இல் வைக்க வேண்டிய அறை. திரையில் மைனஸ் 18.4, மூன்று நாளாக ஒரு புள்ளிகூட அசையவில்லை. புது சூப்பர்வைசர் "எவ்வளவு ஸ்டெடியா இருக்கு பாருங்க" என்றார். எங்கள் பழைய ஏ.சி. மெக்கானிக் படத்தைப் பார்த்த உடனே செருப்பை மாட்டிக்கொண்டு அறைக்கு ஓடினார். குளிர் அறைக் கோடு நேராக இருக்கவே இருக்காது. கதவு திறந்தால் ஏறும், சில மணி நேரத்துக்கு ஒருமுறை டிஃப்ராஸ்ட் ஓடும்போது ஏறி இறங்கும், பல்லுப் பல்லாகத்தான் வரும். சென்சார் ஒயர் கழன்று, கேட்வே கடைசியாக வந்த எண்ணையே திருப்பித் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தது. நல்ல வேளை, சரக்கு உருகவில்லை. இவருடைய 96.8உம் அப்படித்தான், நிஜமான ஃபில் ரேட் இரண்டு நாள் ஒரே புள்ளியில் நிற்குமா?

பழைய லைன்மேன்

2003 ஆகஸ்ட் 14 அமெரிக்க மின்வெட்டு பற்றி எங்களுக்குப் பயிற்சியில் சொல்வார்கள். ஒஹையோவில் ஒரு மின் நிறுவனத்தின் கட்டுப்பாட்டு அறையில் மதியம் இரண்டேகால் மணிவாக்கில் அலாரம் மென்பொருள் நின்றுவிட்டது. நின்றது யாருக்கும் தெரியாது, அலாரம் இல்லையென்றால் கோளாறு இல்லை என்று உட்கார்ந்திருந்தார்கள். வெளியே லைன்கள் மரத்தில் பட்டு ஒவ்வொன்றாக விழுகின்றன. மற்ற இடங்களிலிருந்து போன் போட்டு என்ன ஆச்சு என்று கேட்கிறார்கள், இவர்கள் திரையில் ஒன்றும் இல்லை. நாலேகாலுக்குள் சுமார் ஐந்து கோடிப் பேருக்குக் கரண்ட் போனது. உங்கள் லைன் பையனின் துண்டுச்சீட்டு அந்த போன் மாதிரிதான்.

கணக்குப்பிள்ளை

எல்லோரும் ஸ்கிரிப்ட்டையே பேசுகிறீர்கள். எனக்கு மேனேஜர்மேல்தான் கோபம். நாலு பையன்கள் ஒரே மருந்துப் பெயரைச் சொன்னால் ஸ்டாக் ரூமுக்கு நாற்பது அடி நடக்க முடியாதா? ரேக்கைப் பார்த்தால் தெரிந்திருக்கும்.

எம்.ஐ.எஸ். மேசை

அவர்மேல் முழுசாகப் போட எனக்கு மனசு வரவில்லை. அதற்கு முந்தைய வருடம் இதே பையன்கள் ஷார்ட் என்றபோது டிவி சொன்னதுதான் சரியாக இருந்தது. பையன்கள் ஆர்டரையே லேட்டாக அனுப்பியிருந்தார்கள். டிவியை நம்பக் கற்றுக்கொடுத்ததே அந்தச் சம்பவம்தான். பர்ச்சேஸ் அண்ணனுக்குக்கூட பத்தாம் நாள் சந்தேகம் வந்ததாம், வந்திறங்கிய சரக்கின் பெயர் லிஸ்ட்டில் அப்படியே நின்றதால். குடோனில் என்ட்ரி போடத் தாமதம் என்று நினைத்து விட்டுவிட்டார்.

கணக்குப்பிள்ளை

அப்படியானால் நீங்கள்தான் என்கிறீர்களா?

எம்.ஐ.எஸ். மேசை

`pass` என்னுடையது. ரேக் அவருடையது. நாங்கள் இரண்டு பேரும் இன்றுவரை இதைப் பேசித் தீர்க்கவில்லை.

ஐஸ் ரூம்

இப்போது திரையில் என்ன மாற்றினீர்கள்?

எம்.ஐ.எஸ். மேசை

பக்கம் திறந்த நேரத்தை எடுத்துவிட்டு "கடைசி பில்: தேதி, நேரம்" என்று வட்டத்துக்கு உள்ளேயே போட்டேன், எண்ணுக்கு நேர் கீழே. ஓரத்தில் போட்டால் அவர் பார்க்க மாட்டார். இரண்டு நாளுக்கு மேல் பழசானால் பச்சையும் வராது, சிவப்பும் வராது, வட்டம் சாம்பல் நிறமாகி எண் மறைந்துவிடும். மறைப்பதா, பழைய எண்ணையே காட்டிப் பழசு என்று எழுதுவதா என்று பெரிய வாக்குவாதம் நடந்தது. மேனேஜர்தான் மறைக்கச் சொன்னார், "எண் இருந்தா நான் அதைத்தான் பார்ப்பேன்" என்று.

டூவீலர் பயணி

போன கடைகள் திரும்பி வந்தனவா?

எம்.ஐ.எஸ். மேசை

அந்த மாதம் பதினொரு கடை ஆர்டர் குறைத்தன. துண்டுச்சீட்டு கொண்டுவந்த பையன் ஒவ்வொரு கடையாகப் போய் உட்கார்ந்து ஏழு கடையைத் திரும்பப் பிடித்தான். மீதி நாலு கடைகள் நான் வேலையை விடும் வரை அந்த இன்னொரு ஸ்டாக்கிஸ்டிடமே வாங்கிக்கொண்டிருந்தன.