புதுப்பிப்பு: பிரதான பொத்தானின் நிறம் மாறியும் சில திரைகளில் மாறாதது

நான் கேட்டது: "ஃபிக்மா லைப்ரரியில் பொத்தானின் பச்சையை மாற்றி வெளியிட்டோம், மூவரும் அப்டேட் ஏற்றுக்கொண்டோம், ஆனாலும் ஏழு திரைகளில் பழைய பச்சைதான். ஏன்?"

உதவிய எல்லோருக்கும் நன்றி. குன்னூர் மழையில் நெட் போய்ப் போய் வந்ததால் தாமதம். நெட்தான் காரணம் என்றவருக்கு: இல்லை, அப்டேட் வந்துதான் இருந்தது.

ஊட்டி அண்ணன் சொன்னதுதான் சரி. ஐந்து திரைகளில் யாரோ பொத்தானின் நிறத்தைக் கையால் மாற்றியிருந்தார்கள் (நானேதான், தங்கும் விடுதித் தளத்துக்காக). அப்படிக் கை வைத்த பண்புக்கு மட்டும் மூலத்திலிருந்து மாற்றம் இறங்காது.

"எல்லாவற்றையும் ரீசெட் செய்" என்ற யோசனை பாதி சரி. ஃபிக்மாவில் Reset all changes அழுத்தினேன், நிறம் சரியானது, ஆனால் "அறை பதிவு செய்" என்ற எழுத்தும் போய் "பொத்தான்" என்று வந்துவிட்டது! உடனே அன்டூ செய்து, அதே மெனுவில் நிறத்தை மட்டும் ரீசெட் செய்தேன். ஐந்து திரைகளும் பிழைத்தன.

மீதி இரண்டில் ரீசெட்டே இல்லை. பெயர் அப்படியே இருந்ததால் ஏமாந்தேன், லேயர் பட்டியலில் ஊதா வைரக் குறி இல்லை, அதாவது மூலத்தோடு தொடர்பு அறுந்து டிடாச் ஆகியிருந்தது. அசெட்ஸ் பட்டியலிலிருந்து பொத்தானைப் புதிதாக இழுத்து வைத்தேன்.