காய்ச்சலில் போன வாரத்தைத் திருப்பிப் பிடிக்கலாமா?

டச்பே ஓட்டக்காரன்:
10 கிலோமீட்டர் ஓடுவதற்கு 10 வார அட்டவணை போட்டு, 5 வாரம் ஒழுங்காக முடித்திருந்தேன். செவ்வாய் மக்கெய்சர் மைதானத்தில் 400 மீட்டர் வேக ஓட்டம் 6 தடவை, வியாழன் மெதுவாக 5 கிலோமீட்டர், சனி கோட்டை வாசலில் இருந்து கோணேசர் கோயில் வரை ஏற்றம், ஞாயிறு நீண்ட ஓட்டம். 6ஆம் வாரம் முழுக்கக் காய்ச்சல். இரண்டு தரம் இரத்தம் பார்த்தார்கள், டெங்கு இல்லை. காய்ச்சல் விட்ட 3ஆம் நாள், விட்டதைப் பிடிக்கிற அவசரத்தில் நேரே சனிக்கிழமை ஏற்றத்துக்குப் போனேன். கோட்டைக்குள் மான்கள் படுத்திருக்கிற மரத்தடியோடு சரி, கண் இருட்டிக்கொண்டு வந்தது, அங்கேயே குந்திவிட்டேன். ஒரு மான் வந்து என் கையில் தின்ன ஏதும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போனது. வீட்டுக்கு ஓட்டோவில் வந்தேன். எதை முதலில் தொடங்குவது, எதை விடுவது?

நிலாவெளிப் பையன்:
அண்ணா, ஒரு வாரம் படுத்தால் இரண்டு வாரம் பின்னுக்குப் போய், 4ஆம் வாரத்தில் இருந்து அப்படியே தொடங்க வேணும். நன்றாக வியர்க்க ஓடினால் உடம்பில் மிச்சமிருக்கிறதும் போய்விடும்.

பழைய பி.டி. மாஸ்டர்:
தம்பி, பின்னுக்குப் போவது சரி, வியர்வைக் கதை பிழை. வியர்த்தால் தண்ணீர்தான் போகும், காய்ச்சல் போகாது. ஒரு வாரத்தில் காலில் இருந்த பலம் பெரிதாகக் குறையாது. முதலில் குறைவது இரத்தத்தில் இருக்கிற நீர்ப்பகுதி. அதனால் ஒவ்வொரு துடிப்புக்கும் போகிற இரத்தம் குறைய, பழைய வேகத்துக்கே நெஞ்சு கூடத் தரம் அடிக்க வேண்டி வரும். மரத்தடியில் குந்த வைத்ததில் அதற்கும் பங்கிருக்கும். நல்ல காலம், அது கெதியாகத் திரும்பி வருகிற சாமான். அதைத் திருப்பித் தருவது மெதுவான ஓட்டம், வேக ஓட்டம் இல்லை. ஆகவே வியாழக்கிழமை ஓட்டத்தை முதலில் எடும். 400 மீட்டரையும் ஏற்றத்தையும் இரண்டு வாரத்துக்கு அழித்துவிடும். 6ஆம் வாரம் போனது போனதுதான், அதைக் கொண்டுபோய் 7ஆம் வாரத்துக்குள் திணிக்க வேண்டாம். எப்போது தொடங்கலாம் என்பதை அட்டவணை சொல்லாது, நாடி சொல்லும். காலையில் பாயை விட்டு எழும்ப முன்னம் ஒரு முழு நிமிடம் எண்ணிப் பாரும்.

உயர்தர மாணவி:
எனக்கும் போன மாதம் இதே கதைதான். நான் நோட்ஸ் எழுதுவதை விட்டுவிட்டு, பாஸ்ட் பேப்பரில் மறந்துபோன கேள்விகளை மட்டும் முதலில் செய்தேன். ஓ, நீங்கள் ஓடுகிற திட்டமா, நான் படிப்பு என்று நினைத்துவிட்டேன்!

சாம்பல்தீவு அக்கா:
எனக்கு வந்தது டெங்கு. காய்ச்சல் விட்டு 3 வாரம் கழித்தும் மாடிப்படி ஏறினால் நெஞ்சு படபடவென்று அடிக்கும். இது களைப்புத்தான் என்று இருந்துவிடாமல் போய்க் காட்டினேன், ஈசிஜி எடுத்துவிட்டு இப்போதைக்கு நடை மட்டும் என்றார்கள். நெஞ்சு நோ, படபடப்பு, மூச்சு வாங்குவது இருந்தால் தம்பி, எந்த வாரம் என்று யோசிக்காமல் முதலில் டொக்டரிடம் போங்கோ.

டச்பே ஓட்டக்காரன்:
மாஸ்டர் சொன்னபடி எண்ணினேன். காய்ச்சலுக்கு முன்னர் 58, முதல் நாள் 73. ஓடவில்லை, டச்பே மணலில் 20 நிமிடம் நடந்தேன், வந்து இரண்டு மணித்தியாலம் நித்திரை. 4ஆம் நாள் 66, அன்றும் நடைதான். 6ஆம் நாள் 61 வந்த பிறகு, ஒரு நிமிடம் ஓடி இரண்டு நிமிடம் நடப்பதை 8 தடவை செய்தேன், ஓடும்போது கூட வந்தவனோடு முழு வசனம் பேச முடிந்தது. ஞாயிறு 11 கிலோமீட்டர் என்று இருந்ததை 5 ஆக்கிவிட்டேன். ஒரு மணித்தியாலத்துக்குள் முடிப்பேன் என்று நண்பர்களிடம் விட்ட சவடாலையும் சேர்த்துத்தான் விட்டேன், அதுதான் இருந்ததிலேயே கஷ்டம். ஆனால் நேற்றுக் காலை திரும்பவும் 68, காய்ச்சல் இல்லை.

பழைய பி.டி. மாஸ்டர்:
அதற்கு முந்தின இரவு எத்தனை மணிக்குப் படுத்தீர்? கரண்ட் இருந்ததா?

டச்பே ஓட்டக்காரன்:
கரண்ட் இல்லை, புழுக்கத்தில் நித்திரையே இல்லை. தண்ணீரும் சரியாகக் குடிக்கவில்லை.

பழைய பி.டி. மாஸ்டர்:
அப்ப அந்த 68ஐ வைத்து முடிவெடுக்க ஏலாது. இரண்டு நாள் நித்திரை கொண்டு, தண்ணீர் குடித்து, திரும்ப எண்ணும். குறைந்தால் வெக்கையின் வேலை. குறையாவிட்டால் ஓட்டத்தை விட்டு நடைக்கே போம், அதோடு ஒருக்கால் டொக்டரிடமும் காட்டும்.

நிலாவெளிப் பையன்:
அப்ப ஸ்கிப்பிங் கயிறு? அதுவும் வேக ஓட்டத்தோடு சேர்ந்ததா, மெதுவானதோடு சேர்ந்ததா?

சாம்பல்தீவு அக்கா:
என்னைக் கேட்டால் வேண்டாம். மாஸ்டரைக் கேட்டால் என்ன சொல்வாரோ.

டச்பே ஓட்டக்காரன்:
இன்று காலை 63. கோட்டை ஏற்றத்தைச் சும்மா நடந்து ஏறிப் பார்த்தேன், மரத்தடியில் நிற்கவில்லை. கயிறு இன்னும் ஆணியில்தான் தொங்குகிறது.