ஆப்பு அடிக்க எவ்வளவு விசை? கணக்கைப் பாருங்கள்

கானாடுகாத்தானில் ஒரு பழைய வீட்டு முகப்பில், சுவரை ஒட்டிய கருங்கல் ஒன்று இறங்கிவிட்டது. எடை சுமார் 10 கிலோநியூட்டன். 8 பாகை இரும்பு ஆப்பைக் கிடையாகச் செலுத்தித் தூக்க வேண்டும். சுவர், கல், தரை மூன்று முகங்களிலும் உராய்வுக் கெழு 0.3, அதாவது φ = 16.7 பாகை என்று எடுத்தேன். கல் மேலேறுவதால் சுவரின் உராய்வு கீழ்நோக்கி இழுக்கும். பலர் இதை விட்டுவிடுகிறார்கள்.

P = W tan(α + 2φ) = 8.8 கிலோநியூட்டன்.

சுவர் உராய்வை விட்டால் 7.6தான் வருகிறது. ஆப்பின் அடியில் மட்டும் கிரீஸ் தடவி அங்கே 0.1 என்று வைத்தால் 6.5.

சரி, என் சந்தேகம்: கிரீஸ் போட்ட பிறகும் 8 பாகை, ஆப்பின் இரண்டு முகங்களின் உராய்வுக் கோணக் கூட்டுத்தொகையான 22.4-க்குக் குறைவுதான், அதனால் ஆப்பு தானாக வழுக்கி வெளியே வராது. ஆனால் சுத்தியல் அதிர்வில் ஆப்பு பின்வாங்குமா? கல் வேலை செய்தவர்கள் சொல்லுங்கள், கொத்தனார் காத்திருக்கிறார்.