60 சதவீதம் 42 ஆகிறது, விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். கிண்டியில் சின்ன பிரைவேட் லிமிடெட் கம்பெனி நடத்துகிறோம். மொத்தம் 10,000 ஷேர். என்னிடம் 6,000, பார்ட்னரிடம் 4,000. ஒரு முதலீட்டாளர் கம்பெனியை 2 கோடிக்கு மதிப்பிட்டு 50 லட்சம் போடுகிறார். ஷேர் 2,000 ரூபாய் வீதம் அவருக்குப் புதிதாக 2,500 ஷேர். என் 6,000 அப்படியே இருக்கும், ஆனால் மொத்தம் 12,500 ஆவதால் என் பங்கு 48%. சாதாரணத் தீர்மானத்தைக்கூடத் தனியாக நிறைவேற்ற முடியாது. அதுவரை சரி.

இப்போது ஊழியர்களுக்கென 10% ஒதுக்கி, அதையும் அந்த 2 கோடிக்குள்ளேயே அடக்கச் சொல்கிறார். ஷேர் விலை 1,750 ஆக இறங்கி, எனக்கு 42% தான். அவருடைய 20% மட்டும் குறையவே இல்லை! பணம் வந்தபின் ஒதுக்கினால் எனக்கு 43.2, அவருக்கு 18. இப்படிப் பேசி ஜெயித்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? ஒப்பந்தத்தில் எந்த வரியை மாற்றச் சொன்னீர்கள்?