ஏழு வாரம் பழகிவிட்டுச் சொல்லாமல் மறைந்தவள்: நேரில் போய்க் கேட்கலாமா?

அடையாறு29: செயலி வழியாக அறிமுகம். ஏழு வாரம், ஒவ்வொரு ஞாயிறும் சந்தித்தோம். கடைசியாக பெசன்ட் நகரில் பிரியும்போது "வீட்டுக்குப் போய் மெசேஜ் பண்றேன்" என்றாள், பண்ணினாள். மறுநாளிலிருந்து ஒன்றும் இல்லை. என் முதல் இரண்டு மெசேஜுக்கு நீல டிக், மூன்றாவதற்கு ஒற்றை டிக். பதினெட்டு நாள் ஆகிறது. காரணம் தெரிந்தால் போதும், மறந்துவிடுவேன். அவள் அலுவலகம் எனக்குத் தெரியும். போய்க் கேட்கலாமா?

ராகவன்_மயிலை: தாராளமாகக் கேளுங்கள். ஸைகார்னிக் என்ற பெண் ஆய்வாளர் 1927-லேயே எழுதியதுதான்: முடித்த வேலையை மனம் விட்டுவிடும், பாதியில் நின்ற வேலையைத்தான் பிடித்துக்கொண்டு இருக்கும். உங்களுக்குப் பாதியில் நிற்கிறது. பதிலை வாங்கி முடித்துவிடுங்கள்.

தேன்மொழி: ராகவன் சார், அவர் கொடுத்த வேலைகள் புதிர், கணக்கு, களிமண் உருவம் மாதிரியானவை. பின்னால் மற்றவர்கள் செய்து பார்த்தபோது எல்லோருக்கும் அதே முடிவு வரவும் இல்லை. அது கிடக்கட்டும். கணக்குக்கு விடை வந்தால் கணக்கு முடிந்தது. இங்கே அப்படியா? அவள் "எனக்கு சரியாக வரல" என்று சொன்னதாகவே வைத்துக்கொள்வோம். அடுத்த நிமிடம் இவர் "எதனால?" என்பார். அதற்கும் ஒரு பதில் வந்தால், "அப்போ அந்த ஞாயிறு ஏன் சிரித்துப் பேசினே?" என்பார். நான் ஆலோசகராக இருக்கிறேன். முகத்துக்கு நேராகக் காரணம் கேட்டு வாங்கியவர்களும் இதே கேள்வியோடுதான் என் முன்னால் வந்து உட்கார்கிறார்கள்.

சரோஜா அத்தை: தம்பி, பொண்ணு வீட்டில் யாராவது பெரியவரை விட்டுக் கேட்கச் சொல்லு. எங்கள் காலத்திலும் இது உண்டு. என்னைப் பார்க்க வந்தவர்கள் பஜ்ஜி சாப்பிட்டுவிட்டு "ஊருக்குப் போய்க் கடிதம் போடுறோம்" என்று போனார்கள். இரண்டு மாதம் தபால்காரர் மணி கேட்டாலே அப்பா வாசலுக்கு ஓடுவார்.

அடையாறு29: அத்தை, கல்யாணப் பேச்சு வரைக்கும் போகவில்லை. அவள் வீட்டில் என்னைத் தெரியவே தெரியாது.

சரோஜா அத்தை: ஓ. அப்படியென்றால் வேண்டாம்ப்பா. ஆனால் ஒன்று, கடிதம் போடுறோம் என்றாலே வேண்டாம் என்று அர்த்தம், அது ஊருக்கே தெரியும். உனக்கு அந்த வார்த்தைகூட இல்லை.

கார்த்தி_டெஸ்டர்: ஒற்றை டிக்கை வைத்து மண்டையைக் குடைந்துகொள்ளாதீர்கள். போன் அணைந்திருந்தாலும் ஒற்றை டிக், நெட் இல்லாவிட்டாலும் ஒற்றை டிக், ப்ளாக் பண்ணினாலும் ஒற்றை டிக். படம் காணோம், கடைசியாக வந்த நேரம் காணோம் என்றாலும் உறுதி இல்லை, அதெல்லாம் செட்டிங்கிலேயே மறைக்கலாம். ப்ளாக் செய்தவரைக் காப்பாற்ற வேண்டுமென்றே தெளிவில்லாமல் வைத்திருப்பதாக வாட்ஸ்அப்பே தன் உதவிப் பக்கத்தில் எழுதியிருக்கிறது. அங்கே போய்த் தெளிவு தேடினால் எப்படிக் கிடைக்கும்? ஏதாவது விபத்தோ என்று நிஜமாகவே பயமென்றால், பொதுவான நண்பர் ஒருவரிடம் "நல்லா இருக்காங்களா?" என்று ஒரே ஒரு முறை கேளுங்கள்.

அடையாறு29: கேட்டேன். நல்லா இருக்காளாம், தினமும் வேலைக்குப் போகிறாளாம்.

தேன்மொழி: அப்போது அலுவலக வாசல் கூடவே கூடாது. வேண்டாம் என்று தெளிவாகக் காட்டிய பெண்ணை ஓர் ஆண் திரும்பத் திரும்பத் தொடர்புகொண்டால் அது குற்றம், பாரதிய நியாய சன்ஹிதா சட்டத்தின் 78-வது பிரிவு.

ராகவன்_மயிலை: பேசாமல் இருப்பது தெளிவாகக் காட்டியதாகுமா? ஒரு மனிதனை ஏழு வாரம் பழக்கிவிட்டு "வேண்டாம்" என்று இரண்டு வார்த்தை அடிக்க முடியாதா? அந்தப் பெண்ணை யாருமே குறை சொல்ல மாட்டேன் என்கிறீர்களே.

தேன்மொழி: சட்டத்தில் அது வாதத்துக்குரியதுதான், ஒப்புக்கொள்கிறேன். அவள் செய்தது மரியாதை இல்லை, அதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வாசலில் நிற்பவரைக் கண்டு பயப்படுகிற ஒருத்தியிடமிருந்து உண்மைக் காரணம் வராது. தப்பிக்க ஒரு பதில்தான் வரும்.

வியட்நாம் போரில் காணாமல்போன விமானிகளின் குடும்பங்களைப் பார்த்துத்தான் பாலின் பாஸ் என்ற பெண் ஆய்வாளர், செத்தாரா இருக்கிறாரா என்று தெரியாத இழப்பைப் பற்றி எழுதத் தொடங்கினார். அந்தத் துயரத்தை இதோடு ஒப்பிடவில்லை. அவர் கண்ட ஒரு விஷயம் மட்டும் இங்கே பொருந்தும்: அழவும் முடியாமல், காத்திருக்கவும் முடியாமல் ஆள் நடுவில் மாட்டிக்கொள்கிறார். முற்றுப்புள்ளி வேண்டுமென்று அடம்பிடிக்காமல், தெரியாததைத் தெரியாததாகவே வைத்துக்கொண்டு வாழப் பழகலாம் என்பது அவர் கட்சி.

ஒரு தாளில் உங்களுக்கு நிச்சயமாகத் தெரிந்ததை மட்டும் எழுதிப் பாருங்கள். படித்தாள், பதில் போடவில்லை, நலமாக இருக்கிறாள். மூன்று வரிதான் வரும். மிச்சமெல்லாம் நீங்கள் ராத்திரி எழுதிய கதை.

கார்த்தி_டெஸ்டர்: கடைசியாக ஒரு மெசேஜ் போடலாம் என்பேன். கேள்விக்குறி இருக்கக் கூடாது. "பதில் இல்லாததை முடிவாக எடுத்துக்கொள்கிறேன். இனி தொந்தரவு செய்ய மாட்டேன்." அவ்வளவு. அப்புறம் சாட்டை ஆர்க்கைவில் போட்டுவிடுங்கள்.

தேன்மொழி: எனக்கு அதிலும் உடன்பாடில்லை. கேள்விக்குறியை எடுத்துவிட்டாலும் டிக்கைப் பார்ப்பார்.

அடையாறு29: நேற்றே அனுப்பிவிட்டேன், கார்த்தி சொன்ன வார்த்தையிலேயே. ஒற்றை டிக். ஆர்க்கைவில் போட்டேன். காலையிலிருந்து இரண்டு முறை உள்ளே போய்ப் பார்த்தேன்.

சரோஜா அத்தை: முந்தாநாள் எத்தனை முறை பார்த்தே?

அடையாறு29: எண்ணவில்லை அத்தை.