படிப்பு நேரத்தின் ‘தனிப் பங்கு’: Partial-ஐ எழுதுவதா, Part-ஐ எழுதுவதா?

கயல்_ஆய்வு
நூறு மாணவர்களின் தேர்வு மதிப்பெண்ணைப் படிப்பு நேரம், முந்தைய ஆண்டு மதிப்பெண் ஆகிய இரண்டு மாறிகளைக் கொண்டு கணிக்கும் தொடர்புப் போக்குப் பகுப்பாய்வு செய்தேன். SPSS அட்டவணையில் படிப்பு நேரத்துக்கு நேராக Zero-order 0.50, Partial 0.289, Part 0.231 என்று மூன்று எண்கள் இருக்கின்றன. படிப்பு நேரத்தின் தனிப் பங்கு எவ்வளவு என்று நெறியாளர் கேட்கிறார். எதை எழுதுவது?

செந்தூரன்
Partial-தான், ஐயமே வேண்டாம். முந்தைய மதிப்பெண்ணின் தாக்கத்தை இரண்டு பக்கமும் நீக்கிவிட்டுப் பார்ப்பது அது ஒன்றுதான். 0.289-ஐ வர்க்கப்படுத்தினால் 0.083. படிப்பு நேரம் 8.3 சதவீதத்தை விளக்குகிறது என்று எழுதுங்கள்.

எண்ணாளன்
எதில் 8.3 சதவீதம் என்று சொல்லாமல் விட்டுவிட்டீர்களே, செந்தூரன். அங்கேதான் முழுச் சிக்கலும் இருக்கிறது.

கயல், உங்கள் தரவிலேயே சரிபார்த்துவிடலாம். படிப்பு நேரத்தை முந்தைய மதிப்பெண்ணைக் கொண்டு கணித்து, கிடைக்கும் எச்சங்களைச் சேமியுங்கள். முந்தைய மதிப்பெண்ணோடு ஒட்டாத படிப்பு நேரம் அது. அந்த எச்சத்துக்கும் தொடாத தேர்வு மதிப்பெண்ணுக்கும் ஒட்டுறவு கண்டால் 0.231 வரும். இது அரைப்பகுதி ஒட்டுறவு. தேர்வு மதிப்பெண்ணிலும் அதே நீக்கத்தைச் செய்து, இரண்டு எச்சங்களையும் ஒப்பிட்டால் 0.289 வரும். இது பகுதி ஒட்டுறவு.

இப்போது R²-ஐப் பாருங்கள். முந்தைய மதிப்பெண்ணுக்கும் தேர்வுக்கும் ஒட்டுறவு 0.60 என்றால், அது தனியாக 0.36-ஐ விளக்குகிறது. இரண்டு மாறிகளும் சேர்ந்தால் 0.413. இடைவெளி 0.053. அதுதான் 0.231-இன் வர்க்கம். Partial-இன் வர்க்கமோ அதே 0.053-ஐ மீதமிருந்த 0.64-ஆல் வகுத்தது. மேலே இருக்கும் எண் ஒன்றே, கீழே இருப்பதுதான் மாறுகிறது. தேர்வு மதிப்பெண்ணின் மொத்த மாறுபாட்டில் படிப்பு நேரத்துக்கு மட்டும் உரியது 5.3 சதவீதம்.

செந்தூரன்
அந்த 0.36 படிப்பு நேரத்துக்கு எட்டாத பகுதி. முந்தைய மதிப்பெண் ஏற்கெனவே எடுத்துக்கொண்டதைச் சேர்த்து வகுத்துவிட்டு, பங்கு குறைவு என்று சொல்வது என்ன நியாயம்? இரண்டுக்கும் t மதிப்பு ஒன்றுதானே. எப்படிக் கணக்கிட்டாலும் 2.97 வருகிறது.

எண்ணாளன்
t ஒன்றுதான், ஏனெனில் இரண்டும் சோதிப்பது ஒரே கருதுகோளை: தனிப் பங்கு சுழியமா, இல்லையா. அது எவ்வளவு என்ற கேள்விக்கு t விடை தராது.

அந்த 0.36 முழுவதும் எட்டாதது என்பதையும் நான் ஏற்கவில்லை. அதில் ஒரு பகுதி இரண்டு மாறிகளுக்கும் பொதுவானது.

ஒரு சோதனை செய்து பாருங்கள். படிப்பு நேரத்தோடும் முந்தைய மதிப்பெண்ணோடும் ஒட்டுறவே இல்லாத, தேர்வோடு மட்டும் 0.50 ஒட்டுறவுள்ள மூன்றாவது மாறி ஒன்றைச் சேர்ப்பதாகக் கொள்ளுங்கள். R² 0.663 ஆகும். படிப்பு நேரத்தின் Part அசையாது, 0.231-ஆகவே நிற்கும். Partial மட்டும் 0.370-க்கு ஏறிவிடும். மாணவர்கள் ஒரு நிமிடம்கூட அதிகம் படிக்கவில்லை. படிப்பு நேரத்துக்கும் தேர்வுக்கும் இடையில் எதுவும் மாறவில்லை. விளக்கப்படாத மிச்சம் சுருங்கியதால் வகுக்கும் எண் சிறுத்தது, அவ்வளவுதான். அப்படி ஏறும் எண்ணைத் தனிப் பங்கு என்று ஆய்வேட்டில் எழுதக் கூடாது.

பரிமளா
இவ்வளவு சுற்றி வர வேண்டுமா? Beta இருக்கிறதே! மற்ற மாறிகளை நிலையாக வைத்துத்தானே அதுவும் கணக்கிடப்படுகிறது. கயலின் எண்களுக்கு Beta 0.267 வரும். வர்க்கப்படுத்தி 7.1 சதவீதம் என்று எழுதிவிடலாம்.

எண்ணாளன்
மற்றதை நிலையாக வைத்துக் கிடைப்பது Beta என்பது சரி, பரிமளா. வர்க்கப்படுத்துவதுதான் கூடாது. படிப்பு நேரம் ஒரு திட்டவிலக்கம் உயர்ந்தால் மதிப்பெண் எத்தனை திட்டவிலக்கம் உயரும் என்பதை Beta சொல்கிறது. ஆனால் கயலின் தரவில் படிப்பு நேரத்துக்கும் முந்தைய மதிப்பெண்ணுக்கும் ஒட்டுறவு 0.50. ஆகவே படிப்பு நேரத்தின் மாறுபாட்டில் 0.75 மட்டுமே அதற்கே சொந்தமானது. அட்டவணையில் Tolerance என்று வருவது அந்த 0.75-தான். அதன் வர்க்கமூலம் 0.866-ஐ Beta-வோடு பெருக்குங்கள், 0.231 வந்துவிடும். சாரா மாறிகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் இருந்தால் மட்டுமே Beta-வும் Part-உம் ஒன்றாகும்.

வேலவன்
என் ஆய்வு பணியாளர்களின் வேலைத்திருப்தி பற்றியது. வயதுக்கும் பணி அனுபவத்துக்கும் திருப்தியோடு தலா 0.60 ஒட்டுறவு. R² 0.379. ஆனால் இரண்டு மாறிகளுக்கும் Part-இன் வர்க்கம் 0.019-தான்! நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் இரண்டுமே பயனற்றவை. இரண்டையும் நீக்கிவிடலாம் என்று இருக்கிறேன்.

எண்ணாளன்
வேண்டாம், வேலவன்! வயதும் அனுபவமும் தமக்குள் ஏறத்தாழ 0.90 ஒட்டுறவு கொண்டிருக்க வேண்டும், உங்கள் எண்களிலிருந்தே அது தெரிகிறது. தனிப் பங்குகள் இரண்டையும் கூட்டினால் 0.038. மீதி 0.341 இரண்டுக்கும் பொதுவானது. Part அதை எந்த மாறியின் கணக்கிலும் எழுதுவதில்லை. ஒன்றை நீக்கினால் R² 0.36-க்குத்தான் இறங்கும். இரண்டையும் நீக்கினால் எல்லாமே போய்விடும். Part சிறியது என்றால், மற்றது மாதிரியில் இருக்கும்போது இது புதிதாகச் சேர்ப்பது குறைவு என்று மட்டுமே பொருள்.

பரிமளா
அப்படியானால் R²-இலிருந்து தனிப் பங்குகளைக் கழித்தால் எப்போதும் பொதுப் பங்கு கிடைக்குமா?

எண்ணாளன்
கிடைக்கும், ஆனால் அது எதிர்மறையாகவும் வரலாம். ஒரு மாறிக்குத் தேர்வோடு ஒட்டுறவே இல்லை, முதல் மாறியோடு 0.50 ஒட்டுறவு என்று கொள்ளுங்கள். முதல் மாறிக்குத் தேர்வோடு 0.50. தனியாக 0.25 விளக்கிய முதல் மாறியின் தனிப் பங்கு இப்போது 0.333. இரண்டாவது மாறி அதிலிருந்த தேவையற்ற மாறுபாட்டைக் களைந்துவிட்டது. தனிப் பங்குகளின் கூட்டு R²-ஐ விட அதிகம் என்று கண்டால் இந்த அடக்கும் மாறியைத் தேடுங்கள்.

செந்தூரன்
மொத்த மாறுபாட்டின் பங்கு என்று கேட்டால் Part சரி, அதை ஏற்கிறேன். ஆனால் முந்தைய மதிப்பெண் சமமாக உள்ள மாணவர்களிடையே படிப்பு நேரத்துக்கும் தேர்வுக்கும் உறவு எவ்வளவு வலுவானது என்று கேட்டால் Partial-தான் விடை. நெறியாளர் இரண்டில் எதைக் கேட்டார் என்பதைக் கயல் தெரிந்துகொள்ள வேண்டும்.

இன்னொன்று. கயலின் தரவில் தனிப் பங்குகள் 0.053, 0.163, பொதுவானது 0.197. சென்ற ஆண்டு நன்றாகப் படித்ததால்தானே சென்ற ஆண்டு மதிப்பெண் வந்தது? இந்த ஆண்டுப் படிப்பும் அதே பழக்கத்தின் தொடர்ச்சி என்றால், அந்த 0.197-இல் படிப்புப் பழக்கத்துக்கு உரியதும் இருக்கிறது. முந்தைய மதிப்பெண்ணை நீக்கும்போது அதையும் சேர்த்து நீக்கிவிட்டு, படிப்பின் பங்கு 5.3 சதவீதம்தான் என்கிறீர்கள்.

எண்ணாளன்
அதை மறுக்க என்னிடம் எண் இல்லை. எது எதற்குக் காரணம் என்பதை Part-உம் சொல்லாது, Partial-உம் சொல்லாது. உங்கள் வாதத்துக்கு எதிர்ப்பக்கமும் ஒன்று உண்டு. முந்தைய மதிப்பெண் மாணவரின் திறனைப் பிழையோடு அளந்திருந்தால், நீக்கம் அரைகுறையாக நிற்கும். திறனுக்கு உரியதில் கொஞ்சம் படிப்பு நேரத்தின் கணக்கில் சேர்ந்து, 5.3 கூடுதலாகவே இருக்கலாம்.

கயல்_ஆய்வு
நெறியாளரிடம் கேட்டேன். மொத்த மாறுபாட்டில் எவ்வளவு என்பதுதான் அவருடைய கேள்வி. 0.231, வர்க்கம் 0.053, முந்தைய மதிப்பெண் மாதிரியில் இருக்கும் நிலையில் என்று எழுதுகிறேன், பொதுவான 0.197-ஐயும் தனியே குறிப்பிடுகிறேன். செந்தூரன் கேட்டதற்கு, சென்ற ஆண்டின் படிப்பு நேரம் என் தரவில் இல்லை.

செந்தூரன்
அது இல்லாதவரை அந்த 0.197-ஐ எந்த மாறியின் பெயரிலும் எழுதாதீர்கள்.